பெயர் தெரியும், ஆணா பெண்ணா தெரியாது: ஆங்கிலக் கடிதத்தை எப்படித் தொடங்குவது?

*ஐயா, வணக்கம். கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்து பி.காம். முடித்தவள். வெளிநாட்டுக்குப் போகிற மெயில், கடிதம் எல்லாம் நான்தான் அடிக்கிறேன். போன மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு புது பார்ட்டி விலை கேட்டிருந்தார்கள். மெயிலின் கீழே A. Keller, Purchasing என்று மட்டும் இருந்தது. 'ரெஸ்பெக்டெட் சார்' என்று தொடங்கிப் பதில் போட்டேன். திரும்பி வந்த மெயிலில் Ms Andrea Keller என்று கையெழுத்து. முதலாளி என்னைக் கடிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்டுத் தனியாக மெயில் போடவா, அப்படியே விட்டுவிடவா? இன்னொன்று, முன்பின் தெரியாத ஆண்களுக்கு 'டியர்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. சீனியர் அண்ணன் ஒருவர் 'சார், மேடம் இரண்டையும் கோடு போட்டு எழுதிவிடு, யாருக்கும் பொருந்தும்' என்கிறார். இன்னொருவர் 'டு ஹூம் இட் மே கன்சர்ன்'தான் மரியாதை என்கிறார். எதை எழுதுவது?*

*— ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம் (பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன)*

அன்புள்ள சகோதரி,

மன்னிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அந்த மெயிலுக்கு நீங்கள் இன்னும் பதில் போடவில்லை என்று தெரிகிறது. தனி மெயில் வேண்டாம். விட்டுவிடவும் வேண்டாம். விலை விவரத்தோடு போகப்போகிற அடுத்த மெயிலிலேயே, நன்றி சொல்லும் வரிக்குப் பக்கத்தில், ஒரே வாக்கியத்தில் கேட்டுவிடுங்கள்.

```
Dear Ms Keller,

Thank you for your mail. I am sorry for
addressing you wrongly in my last one.
Our prices for Totapuri pulp are below.

Yours sincerely,
```

இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். 'பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிட்டேன்', 'எங்கள் ஊரில் இப்படித்தான் எழுதுவோம்' என்றெல்லாம் விளக்கம் கொடுத்தால், அந்த அம்மாள் மூன்று வரி படித்து, உங்களைத் தேற்றி, 'பரவாயில்லை' என்று ஒரு பதிலும் எழுத வேண்டியிருக்கும். அவருக்கு வேண்டியது விலை. அவர் கோபப்பட்டார் என்று உங்கள் முதலாளி நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன முறை முதலெழுத்து மட்டும் போட்டவர் இந்த முறை முழுப் பெயரும் 'மிஸ்' அடைமொழியும் சேர்த்திருக்கிறார். கடிதப் போக்குவரத்தில் பழகியவர்கள் ஒரு பிழையை நாசூக்காகத் திருத்துகிற வழி அது. இனி எப்படி அழைக்க வேண்டும் என்று அவரே சொல்லிக் கொடுத்துவிட்டார். அதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் நீங்கள் காட்டக்கூடிய பெரிய மரியாதை.

'மிஸஸ்' என்று மாற்றிவிடாதீர்கள். நம் ஊரில் கல்யாணமானவரை 'மிஸஸ்' என்பது கௌரவம் என்று நினைக்கிறோம். ஆங்கிலத்தில் Ms என்ற அடைமொழி, கல்யாணம் ஆனதா இல்லையா என்ற கேள்வியே எழாமல் இருப்பதற்காக உள்ளது. உச்சரிப்பு ஏறத்தாழ 'மிஸ்', கடைசி ஒலி 'ஸ்'ஸுக்கும் 'ஜ்'ஜுக்கும் நடுவில் இருக்கும். அவர் எதைப் போட்டாரோ அதையே போடுங்கள்.

நம் 'சார்' வேறு, அவர்கள் 'சார்' வேறு

நீங்கள் 'சார்' போட்டதற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை, நம் பேச்சுப் பழக்கம். தமிழில் 'சார்' என்பது முக்கால்வாசி மரியாதைச் சொல், கால்வாசி கூப்பிடு சொல். பஸ்ஸில் சில்லறை கேட்கும்போது கண்டக்டர் 'சார்', பேங்கில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் 'சார்'. பெண் அதிகாரியிடம் பேசும்போதுகூடப் பழக்கத்தில் 'சரிங்க சார்' என்று வாயில் வந்துவிடும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் அது எல்லாருக்குமான சொல் என்று மனசுக்குள் பதிந்துவிடுகிறது. ஆங்கிலக் கடிதத்தில் அது அப்படி இல்லை. அங்கே எழுத்தில் வந்தால் ஆண் என்று மட்டுமே பொருள். 'சந்தேகம் இருந்தால் சார் போட்டுவிடு' என்று ஒரு தலைமுறை குமாஸ்தாக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கம்பெனிக்கு எழுதினால் 'டியர் சார்ஸ்', அமெரிக்காவுக்கு எழுதினால் 'ஜென்டில்மென்'. அலுவலகத்தில் ஆண்களே உட்கார்ந்திருந்த காலத்து வழக்கம் அது. லண்டனில் ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ் என்ற பெரிய சட்ட நிறுவனம் 2016ல் 'டியர் சார்ஸ்' எழுதுவதை நிறுத்துவதாக அறிவித்தது. வக்கீல்கள் பழைய வழக்கத்தை லேசில் விடமாட்டார்கள், அவர்களே விட்டுவிட்டார்கள்.

ஜெர்மனியில் இது இன்னும் நுட்பமாகக் கவனிக்கப்படும். பெயர் தெரியாத இடத்துக்கு ஜெர்மன் மொழியில் எழுதும்போது, 'மிகவும் மதிப்பிற்குரிய பெண்மணிகளே, ஆடவர்களே' என்ற பொருளில்தான் தொடங்குவார்கள். பெண்கள் முதலில், ஆண்கள் அடுத்து. பள்ளிக்கூடத்திலேயே பழகிவிட்ட தொடக்கம் அது. அதில் ஊறியவர் கண்ணுக்கு வெறும் 'சார்' என்பது பாதியை விட்டுவிட்டதாகத்தான் படும். நீங்கள் போட்ட 'ரெஸ்பெக்டெட்' அவர்கள் மொழியிலும் உள்ள எண்ணம்தான், ஆகவே அவமதிப்பு ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது அவர்களும் 'டியர்'தான் போடுவார்கள். 'ரெஸ்பெக்டெட் சார்' நம் நாட்டுக்குள் செல்லுபடியாகும், லீவு லெட்டரில் தொடங்கி மேலதிகாரி வரைக்கும். கடல் தாண்டினால் அது பள்ளிக்கூட விண்ணப்பம் போலத் தெரியும்.

பெயரோடு 'சார்' சேர்ப்பதும் இதே ரகம். 'குமார் சார்' என்று நாம் சொல்வதை வைத்துக் கடிதத்தில் 'டியர் சார் கெல்லர்' என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் 'சர்' வந்தால் அது அரசர் கொடுத்த பட்டம், அதுவும் சொந்தப் பெயரோடுதான் ஒட்டும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் பாராமகாலாக இருந்தபோது, 1792 முதல் 1799 வரை இங்கே கேப்டன் ரீடுக்குக் கீழே வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. அப்போது அவர் 'சர்' இல்லை. பல வருஷம் கழித்துப் பட்டம் கிடைத்த பிறகு 'சர் தாமஸ் மன்றோ' ஆனார், சுருக்கமாகச் சொன்னால் 'சர் தாமஸ்'. 'சர் மன்றோ' என்று யாரும் எழுதமாட்டார்கள். ஆகவே கடிதத்தில் பெயர் இருந்தால் 'சார்' வராது, 'சார்' இருந்தால் பெயர் வராது. 'மேடம்' என்பதற்கும் இதே விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

'டியர்' என்றால் அன்பே இல்லை

இந்தக் கூச்சத்தை உங்களைப் போலப் பல பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சில வீடுகளில் கணவரோ அண்ணனோ மெயிலை எட்டிப் பார்த்துவிட்டு 'யாருக்கு டியர்?' என்று கேட்டதாகவும் சொன்னார்கள். சொல்லின் அகராதிப் பொருளைப் பிடித்துக்கொள்வதால் வருகிற சங்கடம் இது. நான் இந்தப் பதிலை 'அன்புள்ள சகோதரி' என்று தொடங்கினேன். உங்களை நான் பார்த்ததுகூட இல்லை. தமிழ்க் கடிதத்தில் 'அன்புள்ள' என்பது எப்படிக் கதவைத் தட்டும் சத்தம் மட்டுமோ, ஆங்கிலக் கடிதத்தில் 'டியர்' அப்படித்தான். கடன் கட்டாதவருக்குப் பேங்க் அனுப்பும் நோட்டீஸும் 'டியர்' என்றுதான் தொடங்குகிறது. அதை எடுத்துவிட்டு வெறும் 'சார்' என்று மட்டும் தொடங்கினால், வெளிநாட்டுக்காரருக்கு அது விறைப்பாக, புகார்க் கடிதம் வரப்போகிறது என்பது போல இருக்கும்.

நம் அரசாங்கக் கடிதங்கள் மட்டும் இதற்கு விலக்கு. மத்திய அரசு அலுவலக நடைமுறைப்படி அதிகாரபூர்வக் கடிதம் 'டியர்' இல்லாமல் 'சார்' அல்லது 'மேடம்' என்று தொடங்கி, 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடியும். கலெக்டர் அலுவலகத்துக்கோ, ஏற்றுமதிக்கான அபீடா அலுவலகத்துக்கோ நீங்கள் எழுதும்போது, உங்கள் சீனியர் அண்ணன் சொன்ன கோடு போட்ட வடிவம் சரியாகப் பொருந்தும். அவர் சொன்னது தப்பில்லை, இடம்தான் வேறு. அதையே ஜெர்மன் கம்பெனிக்கு அனுப்பினால், ஃபாரத்தில் வேண்டாததை அடிக்காமல் விட்டது போலத் தெரியும்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது

உங்கள் அலுவலகத்தில் எல்லாரும் 'பெயர் தெரியாவிட்டால் என்ன எழுதுவது' என்றுதான் யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்களுக்குப் பெயர் தெரிந்திருந்தது. கீழேயே இருந்தது. தெரியாதது ஆணா பெண்ணா என்பது மட்டும். இரண்டும் வேறு வேறு சிக்கல், தீர்வும் வேறு. அன்று நீங்கள் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்:

```
Dear A. Keller,
```

அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டாரோ அப்படியே, முன்னால் எந்த அடைமொழியும் இல்லாமல். முழுப் பெயர் போட்டிருந்தால் முழுப் பெயர். இது கொஞ்சம் வறட்சியாகத் தெரியலாம், ஆனால் தப்பாக ஆகவே ஆகாது. பெயரை வைத்து ஊகிப்பது மட்டும் வேண்டாம். அதே ஆண்ட்ரியா என்ற பெயர் ஜெர்மனியில் பெண்ணுக்கு, இத்தாலியில் ஆணுக்கு. 'யான்' என்று உச்சரிக்கிற Jan நெதர்லாந்தில் ஆண், 'ஜான்' என்கிற அதே எழுத்து இங்கிலாந்தில் பெண்ணாக இருக்கலாம். மாங்கூழ் நெதர்லாந்துக்கும் போகிறது, இங்கிலாந்துக்கும் போகிறது, ஆகவே இந்தப் பெயர்கள் உங்கள் மெயிலில் வரத்தான் செய்யும். கையெழுத்தில் Dr என்று இருந்தால் அதிர்ஷ்டம், அதற்கு ஆண் பெண் பேதமில்லை. 'டியர் டாக்டர் கெல்லர்' என்று நிம்மதியாக எழுதலாம்.

இரண்டாவது, உண்மையாகவே பெயர் தெரியாத இடம். புது கம்பெனிக்கு நீங்களே முதலில் எழுதுகிறீர்கள், கையில் இருப்பது 'இன்ஃபோ' என்று தொடங்கும் ஒரு மெயில் ஐடி மட்டும். அப்போது ஐந்து நிமிஷம் தேடுங்கள். அவர்களுடைய இணையதளத்தில் தொடர்புப் பக்கம், பழைய மெயில் சங்கிலியில் யாராவது 'ஷி' என்றோ 'ஹி' என்றோ குறிப்பிட்டிருக்கிறார்களா என்பது, சரக்கு அனுப்பிவைக்கும் சென்னை ஏஜென்ட். இவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் கைகொடுக்கும். போன் போட்டுக் கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே மதியம் ஒன்றரைக்குக் கூப்பிட்டால் அங்கே காலை பத்து. கொள்முதல் பிரிவில் யாருக்கு எழுத வேண்டும், எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ரிசப்ஷனில் கேட்டால் எழுத்துக்கூட்டிச் சொல்லுவார்கள்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் ஆளை விட்டுவிட்டு வேலையைக் கூப்பிடுங்கள்.

```
Dear Purchasing Team,
Dear Purchasing Manager,
Dear Sir or Madam,
```

மெயிலுக்கு முதலாவதை நான் விரும்புகிறேன். யார் திறந்தாலும் தனக்கு வந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். லெட்டர்ஹெட்டில் அச்சிட்டு, சீல் வைத்துப் போகிற கடிதம் என்றால் மூன்றாவது. அது பழசுதான், ஆனால் இன்னும் சரிதான். கோடு போடாமல், நடுவில் 'ஆர்' சேர்த்து முழுசாக எழுதுங்கள். யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த வரி இல்லை, மேலே இடது பக்கம் எழுதுகிற பதவிப் பெயரும் முகவரியும்தான். அந்தப் பகுதியில் பிரிவின் பெயரைத் தெளிவாக எழுதிவிட்டால், தொடக்கம் பொதுவாக இருப்பதால் கடிதம் வழி தவறாது.

'டு ஹூம் இட் மே கன்சர்ன்' என்பதை இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. அது ஒருவரிடம் பேசுகிற கடிதத்துக்கானது இல்லை. சான்றிதழுக்கானது. உங்கள் ஃபேக்டரியை விட்டு ஒருவர் விலகும்போது, இத்தனை வருஷம் இங்கே வேலை செய்தார் என்று எழுதிக் கொடுக்கிறீர்களே, அதை நாளைக்கு யார் படிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே அது கச்சிதமாகப் பொருந்தும். பதில் வர வேண்டிய விலைக் கடிதத்தில் அதைப் போட்டால், 'சம்பந்தப்பட்டவர் யாரோ பார்த்துக்கொள்ளட்டும்' என்ற தொனி வந்துவிடும். பெரிய கம்பெனியில் அப்படி ஒரு மெயில் இன்னொருவருடையது என்று ஒவ்வொருவரும் தள்ளிவிட, பதிலே வராமல் போவதும் உண்டு.

தொடக்கத்துக்கு ஏற்ற முடிவு

தொடக்கத்தில் பெயர் இருந்தால் முடிவில் 'யுவர்ஸ் சின்சியர்லி'. பெயர் இல்லாமல் 'சார்', 'மேடம்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. இது பிரிட்டிஷ் வழக்கம், நம் பாடப்புத்தகங்களும் அதையே பின்பற்றுகின்றன. இரண்டும் மாறிப்போனால் அர்த்தம் கெடாது, ஆனால் பழைய கடிதத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். பல வருஷம் முன்பு நான் ஒரு கிரானைட் ஏற்றுமதி அலுவலகத்துக்குக் கடிதம் பார்த்துக் கொடுத்தபோது, இப்படித்தான் ஒரு கடிதம் மேலே ஒருவர் பெயரும் கீழே பொதுவான முடிவுமாகப் போயிற்று. 'இதே விலையை எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள்?' என்று வாங்குபவர் கேட்டார். உண்மையில் அவருக்கென்றே கணக்குப் போட்ட விலை அது. அதை நம்பவைக்க இரண்டு போன் தேவைப்பட்டது.

மெயிலில் மட்டும் 'கைண்ட் ரிகார்ட்ஸ்' இரண்டுக்கும் பொதுவாக ஓடும். அமெரிக்காவுக்குப் போகிற கடிதம் என்றால் பெயருக்குப் பின் கமாவுக்குப் பதில் முக்காற்புள்ளி, முடிவில் 'சின்சியர்லி' என்ற ஒற்றைச் சொல். 

கெல்லர் அம்மாள் சில மெயில்களுக்குப் பிறகு வெறும் 'ஆண்ட்ரியா' என்று கையெழுத்துப் போடத் தொடங்கலாம். அப்போது நீங்களும் 'டியர் ஆண்ட்ரியா' என்று எழுதலாம். வயதில் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நமக்கு உறுத்தும்தான். அந்த வாசலை அவர் திறக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் திறக்கும்வரை 'மிஸ் கெல்லர்'தான். ஜெர்மனியில் அந்தக் கதவு மெல்லத்தான் திறக்கும், சில சமயம் வருஷக்கணக்கில் திறக்காமலும் இருக்கும், அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்க வேண்டாம். 'டியர் மிஸ் ஆண்ட்ரியா' என்று நடுவழியில் ஒன்றை மட்டும் உண்டாக்காதீர்கள். மிஸ், மிஸ்டர் எல்லாம் குடும்பப் பெயரோடுதான் சேரும்.

உங்கள் கையெழுத்தையும் ஒருமுறை பாருங்கள்

நீங்கள் அனுப்பியிருந்த மெயிலின் நகலில் உங்கள் கையெழுத்து, ஒரு முதலெழுத்தும் ஒரு பெயருமாக இருக்கிறது. அது ஒரு பெண்ணின் பெயர் என்று கிருஷ்ணகிரியில் குழந்தைக்கும் தெரியும். ஹாம்பர்க்கில் தெரியாது. கெல்லர் விஷயத்தில் உங்களுக்கு வந்த அதே திண்டாட்டம் அவருக்கும் உங்களால் வந்திருக்கும். அவருடைய இரண்டு மெயிலிலும் உங்கள் பெயரே இல்லாமல் 'டியர் சார் ஆர் மேடம்' என்று இருப்பதைக் கவனித்தீர்களா?

முதலெழுத்தை விரித்து அப்பா பெயரைப் பின்னால் போட்டுவிடலாமே என்று தோன்றும். பாஸ்போர்ட்டுக்காக அப்படிச் செய்பவர்கள் நிறைய. கடிதத்தில் செய்தால், பின்னால் இருப்பது குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லி உங்களை அழைப்பார்கள். அது உங்களுக்குச் சம்மதம் என்றால் சரி. இல்லையென்றால் இப்போது இருப்பது போலவே முதலெழுத்தை முன்னால் விட்டு, அதற்கும் முன்னால் அடைமொழியைச் சேர்த்துவிடுங்கள். உங்கள் பெயர் கவிதா என்று வைத்துக்கொண்டால்:

```
Ms S. Kavitha
Export Documentation
```

விலை மெயிலை அனுப்புவதற்கு முன் இதை மாற்றிவிடுங்கள். அவரிடமிருந்து 'டியர் மிஸ் கவிதா' என்று பதில் வரும்.